அறிவிப்புப் பலகைக்குப் போகும் முன்

பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டும் தாளில் பெரும்பாலும் ஒரே ஒரு வாக்கியம்தான் முக்கியம். மேலே பள்ளியின் பெயர், நடுவில் 'அறிவிப்பு' என்ற தலைப்பு, கீழே முதல்வரின் கையெழுத்தும் முத்திரையும். இவற்றுக்கிடையே என்ன நடக்கப்போகிறது, யார் வர வேண்டும், எப்போது வர வேண்டும் என்பதையெல்லாம் அந்த ஒரு வாக்கியம் சுமக்கிறது. அதில் பிழை இருந்தால் மூன்றாம் வகுப்புக் குழந்தை முதல் வாயிலில் நிற்கும் ஆட்டோக்காரர் வரை எல்லோர் கண்ணிலும் படும். அதனால்தான் பல பள்ளிகளில் தட்டச்சு ஆனதும் தாள் நேரே பலகைக்குப் போகாமல் தமிழாசிரியரின் மேசைக்கு வருகிறது.

அப்படி வரக்கூடிய ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். நான் எழுதிய மாதிரிதான், ஆனால் இதில் உள்ள ஒவ்வொரு பிழையும் நாம் பலகைகளில் அடிக்கடி பார்ப்பது.

"10-ம் வகுப்பில் பயிலும் ஒவ்வொரு மாணவர்களும் தங்களது பெற்றோர்களுடன் வருகின்ற வெள்ளிகிழமை காலை 10 மணிக்கு நடைபெறும் கூட்டத்தில் தவறாமல் கலந்துக் கொள்ள வேண்டும் என கேட்டு கொள்ளப்படுகிறது."

தமிழ் படித்த பலரின் கை இதைப் பார்த்ததும் சிவப்புப் பேனாவைத் தேடும். தேடி எடுத்து முதலில் போடுவது ஒற்றாகத்தான் இருக்கும். 'வெள்ளிகிழமை'யில் ஒரு 'க்' சேர்ப்பார்கள், 'கலந்துக்' என்பதில் உள்ள 'க்'கை அடிப்பார்கள், 'என'வுக்கும் 'கேட்டு'வுக்கும் ஆளுக்கு ஒரு 'க்' கொடுப்பார்கள். நான்கு திருத்தம் முடிந்தது, வாக்கியம் சரியாகிவிட்டது என்று நினைப்பார்கள். அது சரியாகவில்லை. ஒற்றைக் கடைசியாகப் பார்க்க வேண்டும் என்பதே என் கட்சி. இரண்டு சொற்கள் அடுத்தடுத்து நிற்கும்போது பிறப்பது ஒற்று. வாக்கியத்தில் ஒரு சொல் போனாலும் இடம் மாறினாலும் ஒற்றும் மாறிவிடும். முதலிலேயே அதைத் திருத்துகிறவர், பிறகு வெட்டி எறியப்போகும் சொல்லுக்கும் சேர்த்து உழைக்கிறார். இந்த வாக்கியத்தில் அப்படி எத்தனை உழைப்பு வீண் என்பது போகப் போகத் தெரியும்.

பிறகு எங்கே தொடங்குவது? கடைசிச் சொல்லில். தமிழ் வாக்கியத்தில் தீர்ப்பு கடைசியில்தான் வருகிறது. யார், எங்கே, எப்போது என்று எவ்வளவு அடுக்கினாலும் முற்றுவினை வரும் வரை வாக்கியம் முடிவதில்லை. அந்த முற்றுவினையை எடுத்துக்கொண்டு, இதைச் செய்வது யார் என்று கேட்டுப் பின்னோக்கி நடந்தால் எழுவாய் கிடைக்கும். நடுவில் உள்ள எல்லாவற்றையும் கையால் மறைத்துவிட்டு எழுவாயையும் பயனிலையையும் மட்டும் சேர்த்துப் படிக்க வேண்டும். காதுக்கு ஒட்டினால் எலும்புக்கூடு சரி. ஒட்டாவிட்டால் மேலே எத்தனை ஒற்றுப் போட்டாலும் பயனில்லை.

நம் வாக்கியத்தின் கடைசிச் சொல் 'கேட்டுக்கொள்ளப்படுகிறது'. யார் கேட்கிறார்கள்? வாக்கியத்தில் பதில் இல்லை. தமிழாசிரியர் தாளை எடுத்துக்கொண்டு முதல்வர் அறைக்குப் போனால் பேச்சு பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்கும்.

"மேடம், இதுல யாரு கேட்டுக்கிறது?"

"நான்தான் ஐயா. கீழ என் கையெழுத்து இருக்கே."

"அப்ப 'கேட்டுக்கொள்கிறேன்'னு போட்டுடலாமா?"

"நோட்டீஸ்ல அப்படி எழுதுவாங்களா? 'படுகிறது'ன்னுதான எல்லா இடத்துலயும் இருக்கு."

முதல்வர் சொல்வது உண்மை. 'தெரிவிக்கப்படுகிறது', 'அறிவிக்கப்படுகிறது', 'கேட்டுக்கொள்ளப்படுகிறது' என்பவை அரசு அலுவலக நடையிலிருந்து பள்ளி, சங்கம், கோயில் என எல்லாப் பலகைகளுக்கும் பரவிவிட்டன. செயப்பாட்டுவினை தமிழுக்கு ஆகாதது என்று சொல்வதற்கில்லை, அது இலக்கணம் ஏற்றுக்கொண்ட அமைப்புத்தான். ஆனால் அதற்கு ஒரு விதி உண்டு. செய்வினையில் செயப்படுபொருளாக இருந்தது செயப்பாட்டுவினையில் எழுவாயாகும், வினைமுற்று அந்த எழுவாயோடு திணை, பால், எண்ணில் ஒத்துப்போக வேண்டும். 'முதல்வர் மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறார்' என்பதைத் திருப்பினால் 'மாணவர்கள் முதல்வரால் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்று வரும். 'மாணவர்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறது' என்று வராது. மாணவர்கள் உயர்திணை, 'படுகிறது' அஃறிணை ஒருமை.

பலகைகளில் மிக அதிகமாகக் காணப்படும் பிழை இதுதான். 'பெற்றோர்கள் தவறாமல் வருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது' என்று எழுதுகிறவருக்கு, எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவில் பத்துச் சொற்கள் இருப்பதால் முரண் காதில் விழுவதில்லை. நடுவை மறைத்துப் படித்தால் உடனே விழும்.

நம் மாதிரி வாக்கியம் இன்னும் கொஞ்சம் சூழ்ச்சியானது. அதில் 'கலந்துகொள்ள வேண்டும் என' என்று இருக்கிறது. அதாவது 'மாணவரும் கலந்துகொள்ள வேண்டும்' என்பது தன்னளவில் முடிந்த ஒரு வாக்கியம். 'என' அதை மேற்கோள்போல மூடி, அதன் தலையில் 'கேட்டுக்கொள்ளப்படுகிறது' என்ற இன்னொரு வினையை வைக்கிறது. இங்கே மாணவர், 'படுகிறது'வின் எழுவாய் அல்லர், 'வேண்டும்' என்பதோடு போய்விட்டார். அப்படிப் பார்த்தால் இதைத் திணை மயக்கம் என்று ஒருவர் அடித்துவிட முடியாது. 'இவ்வாறு செய்ய வேண்டும் என்பது கேட்டுக்கொள்ளப்படுகிறது' என்று விரித்து நியாயப்படுத்தலாம். கண்டிப்பான தமிழாசிரியர் இதையும் அடிப்பார், நான் அடிக்கமாட்டேன்.

நான் அடிப்பது வேறொரு காரணத்துக்காக. 'வேண்டும்' என்பது கட்டளை, 'கேட்டுக்கொள்கிறோம்' என்பது வேண்டுகோள். பள்ளி இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது. கூட்டத்துக்கு வருவது கட்டாயமா, விருப்பமா? இதைப் படிக்கும் பெற்றோருக்கு இது வெறும் இலக்கணக் கேள்வி அல்ல. அன்று அரை நாள் விடுப்புப் போடலாமா என்பது இதைப் பொறுத்தது. இதற்குத் தமிழாசிரியர் விடை சொல்ல முடியாது, முதல்வர்தான் சொல்ல வேண்டும். கட்டாயம் என்றால் 'கலந்துகொள்ள வேண்டும்' என்பதோடு முற்றுப்புள்ளி. வேண்டுகோள் என்றால் 'கலந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்'. முதல்வரின் கையெழுத்து கீழே இருக்கும்போது தன்மை ஒருமையில் எழுதுவதில் எந்தக் குறையும் இல்லை. பள்ளியின் சார்பில் என்று தோன்றினால் 'கேட்டுக்கொள்கிறோம்' போதும்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு பற்றிய கூட்டம் இது, கட்டாயம் வந்தாக வேண்டும் என்று முதல்வர் சொன்னதாக வைத்துக்கொள்வோம். 'என கேட்டு கொள்ளப்படுகிறது' முழுவதும் போய்விட்டது. போகும்போது அது தன்னோடு இரண்டு ஒற்றுப்பிழைகளையும் எடுத்துக்கொண்டு போகிறது. அவசரக்காரர் திருத்திய நான்கில் பாதி.

'வேண்டும்' என்ற வினைக்கு இன்னொரு வசதி உண்டு. நான் வர வேண்டும், நீ வர வேண்டும், அவர்கள் வர வேண்டும், மழை வர வேண்டும் என்று எந்த எழுவாய்க்கும் அது ஒன்றுபோலவே நிற்கும். திணையும் பாலும் எண்ணும் அதில் இல்லை. ஆகவே இப்போது எழுவாய்–பயனிலை மோதல் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் இந்த வசதியே எழுவாய்க்குள் இருக்கும் பிழையை மறைத்தும்விடுகிறது. 'ஒவ்வொரு மாணவர்களும் வந்தார்கள்' என்று எழுதினால் ஒருவேளை யோசித்திருப்பார்கள். 'ஒவ்வொரு மாணவர்களும் வர வேண்டும்' என்பதில் வினை உதவிக்கு வருவதில்லை.

'ஒவ்வொரு' என்று வந்துவிட்டால் அடுத்த பெயர் ஒருமையில்தான் வர வேண்டும். அந்தச் சொல் கூட்டத்தைத் தனித்தனி ஆளாகப் பிரித்துக் காட்டுகிறது. பிரித்த கையோடு 'கள்' போட்டு மறுபடி கூட்டமாக்குவது பொருந்தாது. ஒவ்வொரு மாணவரும், ஒவ்வொரு பள்ளியும், ஒவ்வொரு நாளும். பன்மை வேண்டும் என்றால் 'மாணவர்கள் அனைவரும்'. இடையில் 'அனைத்து மாணவர்களும்' என்று ஒரு வழக்கு இருக்கிறது. 'அனைத்து' அஃறிணைக்கு உரியது, உயர்திணைக்கு 'அனைவரும்' என்பதே முறை என்று சொல்வோர் உண்டு. சொல்வது சரிதான், ஆனாலும் பொதுவழக்கில் அது ஊன்றிவிட்டது. பலகையில் அதை விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். 'ஒவ்வொரு மாணவர்களும்' என்பதை விட முடியாது.

இரண்டில் எதைத் தேர்வது? இந்த அறிவிப்புக்கு 'ஒவ்வொரு மாணவரும்' பொருத்தம். ஏனென்றால் ஒவ்வொருவரும் அவரவர் பெற்றோரை அழைத்து வர வேண்டும். இணைத்துப் பார்க்க வேண்டிய அடுத்த சொல் அங்கேதான் இருக்கிறது: 'தங்களது பெற்றோர்களுடன்'. எழுவாய் 'மாணவர்கள்' என்று இருந்தபோது 'தங்கள்' ஒத்துப்போனது. இப்போது எழுவாய் 'மாணவர்' ஆகிவிட்டது, மரியாதை ஒருமை. அதற்கு ஏற்றது 'தம்'. 'தன்' என்றால் மாணவனுக்கோ மாணவிக்கோ உரியதாகிவிடும். ஒரு சொல்லைத் திருத்தினால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் இன்னொரு சொல்லையும் போய்ப் பார்க்க வேண்டும். பாதித் திருத்தத்தில் வரும் பிழை முழுப் பிழையைவிட அசிங்கமாக இருக்கும்.

'பெற்றோர்கள்' சரியா என்ற கேள்வி ஆசிரியர் அறைகளில் தேநீர் நேரம் முழுவதையும் தின்னக்கூடியது. 'பெற்றோர்' என்பதே பலர்பால், அதன்மேல் 'கள்' எதற்கு என்பது ஒரு தரப்பு. தொல்காப்பியம் 'கள்' விகுதியை அஃறிணைப் பெயர்களுக்குத்தான் சொல்கிறது என்பது அவர்கள் கையில் உள்ள ஆதாரம். மறு தரப்புக்கும் ஆதாரம் இருக்கிறது. திருக்குறளிலேயே 'மற்றையவர்கள்', 'பூரியர்கள்' என்ற சொற்கள் வருகின்றன. 'அர்' விகுதிக்குமேல் 'கள்' ஏறுவது நேற்று முளைத்த வழக்கு அல்ல. அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. 'ஆசிரியர் வந்தார்', 'மாணவர் எழுதினார்' என்று 'அர்' மரியாதை ஒருமைக்குப் போய்விட்ட பிறகு, பலர் என்பதைத் தெளிவாகக் காட்ட மொழிக்கு இன்னொரு விகுதி தேவைப்பட்டது. எனவே 'பெற்றோர்கள்' பிழை என்று சிவப்பில் வட்டம் போடமாட்டேன். ஆனால் இந்த வாக்கியத்தில் அது தேவையில்லை. ஒவ்வொரு மாணவருக்கும் தாய், தந்தை என்ற ஓர் இணைதான். 'தம் பெற்றோருடன்' என்பதில் எல்லாம் அடங்கிவிடுகிறது.

இனி, இலக்கண நூல் எதையும் மீறாமலேயே தடுக்கிவிடும் இடத்துக்கு வருவோம். தாளை வாய்விட்டுப் படியுங்கள்: 'தங்களது பெற்றோர்களுடன் வருகின்ற வெள்ளிக்கிழமை'. பெற்றோருடன் வருவது யார்? வெள்ளிக்கிழமை! 'வருகின்ற' ஒரு பெயரெச்சம். தனக்குப் பின்னால் வரும் பெயரைத் தழுவிக்கொள்ளும், தனக்கு முன்னால் உள்ள வேற்றுமைச் சொல்லையும் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். 'அம்மாவுடன் வருகின்ற பையன்' என்பதில் அது செய்வதைத்தான் இங்கேயும் செய்கிறது. படிப்பவர் ஒரு நொடி தயங்கி, பொருள் பொருந்தாததால் தானே சரிசெய்துகொள்வார் என்பது உண்மை. ஆனால் எழுதியவர் செய்ய வேண்டிய வேலையைப் படிப்பவர் தலையில் கட்டுவானேன்? சந்திப்பிழை திருத்தும் மென்பொருள்கள் தமிழில் இருக்கின்றன, நீச்சல்காரன் உருவாக்கிய 'நாவி' அவற்றில் ஒன்று. ஒற்றைத் தேடும் அத்தகைய கருவிக்கு இந்தத் தயக்கம் தெரியாது. வாய்விட்டுப் படிக்கும் மனிதருக்குத்தான் தெரியும்.

மருந்து எளிது. எந்தச் சொல் எந்த வினையோடு போக வேண்டுமோ அதன் அருகில் அதை வைக்க வேண்டும். 'தம் பெற்றோருடன்' என்பது 'கலந்துகொள்ள' என்பதைச் சேர்ந்தது, அதனருகில் போகட்டும். நாளும் நேரமும் 'நடைபெறும்' என்பதைச் சேர்ந்தவை, அவை கூட்டத்தோடு இருக்கட்டும்.

'வருகின்ற' என்ற சொல்லையே எடுத்துவிடுவது இன்னும் நல்லது. அறிவிப்பு பலகையில் பல நாள் இருக்கும். செவ்வாயன்று ஒட்டியதை வியாழனன்று படிப்பவருக்கு 'வருகின்ற வெள்ளி' நாளை. அடுத்த வாரமும் யாரும் கிழிக்காமல் விட்டுவிட்டால் திங்களன்று படிப்பவருக்கு அது வேறு வெள்ளி. 'இன்று', 'நாளை', 'வருகின்ற', 'அடுத்த வாரம்' போன்ற சொற்கள் பேசும் நேரத்தைப் பற்றிக்கொண்டு நிற்பவை. பலகைக்குப் பேசும் நேரம் என்று ஒன்று கிடையாது. தேதியும் கிழமையும் சேர்த்துப் போட வேண்டும்: '12.9.2025 வெள்ளிக்கிழமை'. இரண்டையும் போடுவதில் ஒரு சின்னக் காவல் இருக்கிறது. தேதி தவறாகத் தட்டச்சாகியிருந்தால் கிழமை காட்டிக்கொடுக்கும். அதற்கு யாராவது ஒருவர் நாட்காட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். தமிழாசிரியர் பார்ப்பது நல்லது, ஏனென்றால் அதற்குப் பிறகு வேறு யாரும் பார்க்கப்போவதில்லை.

இப்போது வாக்கியம் இப்படி நிற்கிறது, ஒற்று மட்டும் பாக்கி:

"12.9.2025 வெள்ளிகிழமை காலை 10 மணிக்கு நடைபெறும் கூட்டத்தில், 10-ம் வகுப்பில் பயிலும் ஒவ்வொரு மாணவரும் தம் பெற்றோருடன் தவறாமல் கலந்துக் கொள்ள வேண்டும்."

கூட்டம் முதலில் வந்ததால் எப்போது, யார், என்ன செய்ய வேண்டும் என்ற வரிசை தானாக அமைந்துவிட்டது. மீதமிருப்பவை இரண்டு ஒற்றுகளும் ஓர் 'ம்'மும்.

'வெள்ளிகிழமை'யில் 'க்' வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. வாரத்தின் ஏழு நாளையும் எழுதிப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். செவ்வாய்க்கிழமை, வெள்ளிக்கிழமை, சனிக்கிழமை ஆகியவற்றில் 'க்' நேரே வருகிறது. வியாழன் தன் 'ன்'னை விட்டுவிட்டு 'வியாழக்கிழமை' ஆகிறது. ஞாயிறு தன் 'று'வை இரட்டித்து 'ஞாயிற்றுக்கிழமை' ஆகிறது. புதன் மட்டும் 'ன்'னை விடாமல் வைத்துக்கொள்வதால் 'புதன்கிழமை'. திங்கள், 'திங்கள்கிழமை' என்றோ 'ள்' திரிந்து 'திங்கட்கிழமை' என்றோ எழுதப்படும். 'புதன்க்கிழமை' என்று யாரும் எழுதுவதில்லை, எழுதினால் நாக்கே ஒத்துழைக்காது.

நாக்கு ஏமாற்றும் இடம் அடுத்தது: 'கலந்துக் கொள்ள'. பலகைகளில் மட்டுமல்ல, அழைப்பிதழ், தொலைக்காட்சி, நாளிதழ் என எங்கும் இந்த 'க்'கைப் பார்க்கலாம். 'தெரிந்துக்கொள்ள', 'புரிந்துக்கொள்ள', 'நடந்துக்கொள்ள' எல்லாம் இதன் உடன்பிறப்புகள். இவ்வளவு பரவலாக ஒரு பிழை நடந்தால் அதற்கு அறியாமை மட்டும் காரணமாக இருக்க முடியாது. காரணம் நம் பேச்சில் இருக்கிறது. எழுத்தில் 'கொள்' என்று வரும் துணைவினை பேச்சில் 'க்க' ஆகிவிடுகிறது: 'எடுத்துக்க', 'கேட்டுக்க', 'கலந்துக்க', 'தெரிஞ்சுக்க'. பேச்சு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அழுத்துகிறது. அந்த அழுத்தத்தைக் காதில் வைத்துக்கொண்டு எழுத உட்காருகிறவர் 'கலந்துக்' என்று எழுதிவிடுகிறார். ஆக, ஐயம் வந்தால் சொல்லிப் பார் என்ற வழக்கமான அறிவுரை இந்த ஒரு இடத்தில் உதவாது. கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

எதைப் பார்ப்பது? கடைசி எழுத்துக்கு முன்னால் உள்ள மெய்யை. 'கேட்டு' என்பதில் 'டு'வுக்கு முன் 'ட்', வல்லினம். 'எடுத்து', 'வைத்து', 'விற்று' ஆகியவற்றிலும் முன்னால் வல்லின மெய்தான். இவற்றை வன்தொடர்க் குற்றியலுகரம் என்பார்கள். இவற்றை அடுத்துக் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும்: கேட்டுக்கொள், எடுத்துச்செல், வைத்துப்பார். 'கலந்து' என்பதில் 'து'வுக்கு முன் 'ந்', மெல்லினம். 'கண்டு', 'நின்று', 'தெரிந்து' எல்லாம் அப்படியே. 'செய்து' என்பதில் 'ய்', இடையினம். இந்த இரண்டு வகையிலும் வினையெச்சத்துக்குப் பின் ஒற்று மிகாது: கலந்துகொள், கண்டுபிடி, நின்றுபோ, செய்துகொடு. அல்வழிப் புணர்ச்சியில் வன்தொடர் அல்லாத குற்றியலுகரங்களின் முன் வல்லினம் மிகாது என்று நன்னூல் ஒரே வரியில் முடித்துவிடுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் சொன்ன அந்த விதி, இன்றைய பலகையின் 'க்'கை அடிக்கப் போதுமானது.

வேடிக்கை என்னவென்றால் நம் பழைய வாக்கியத்தில் 'கலந்துக் கொள்ள', 'கேட்டு கொள்ளப்படுகிறது' இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. வேண்டாத இடத்தில் 'க்' இருந்தது, வேண்டிய இடத்தில் இல்லை. எழுதியவர் விதியைத் தெரிந்து தலைகீழாக வைத்ததுபோல இருக்கும். இந்த இரட்டைப் பிழை அவ்வளவு அரிதும் அல்ல. 'என', 'என்று' ஆகியவற்றிலும் இதே வேறுபாடு நடக்கிறது. பொருள் ஒன்றுதான், ஆனால் 'எனக் கேட்டார்' என்றால் 'க்' வரும், 'என்று கேட்டார்' என்றால் வராது. 'என்று' மென்தொடர். ஒற்றில் தடுமாறும் முதல்வருக்கு 'என'வை விட்டுவிட்டு 'என்று' எழுதுங்கள் என்று சொல்லிவிடலாம், பாதித் தொல்லை தீரும்.

ஒற்றை அடித்தால் போதாது, இடைவெளியையும் அடைக்க வேண்டும். 'கலந்து கொள்ள' என்று பிரித்தால் எதையோ கலந்து, பிறகு கொள்வது என்று இரண்டு செயலாகப் படிக்க இடமுண்டு. 'பங்கெடுப்பது' என்ற பொருளில் அது ஒரே வினை. 'கொள்' இங்கே துணைவினை, தனிப்பொருள் இழந்தது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இதைச் சேர்த்தே எழுதுகிறது: கலந்துகொள். சேர்த்து எழுதுவதில் அச்சுக்கும் ஒரு நன்மை உண்டு. 'கலந்து' ஒரு வரியின் முடிவிலும் 'கொள்ள' அடுத்த வரியின் தொடக்கத்திலும் போய் விழாது.

மிச்சம் '10-ம்'. எண்ணோடு 'ம்' மட்டும் சேர்த்தால் 'பத்தும்' என்று படிக்கத் தோன்றும். வரிசை எண்ணைக் காட்டும் சொல் 'ஆம்'. ஆகவே '10ஆம் வகுப்பு', அல்லது எழுத்தால் 'பத்தாம் வகுப்பு'. இதே வரியில் '10 மணி'யும் வருவதால் வகுப்பை எழுத்தாலும் நேரத்தை எண்ணாலும் போடுவது கண்ணுக்கு நல்லது. இது இலக்கணம் அல்ல, அச்சு நாகரிகம்.

ஆக, தட்டச்சுக்குத் திரும்பிப் போகும் வாக்கியம் இது:

"12.9.2025 வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்கு நடைபெறும் கூட்டத்தில், பத்தாம் வகுப்பில் பயிலும் ஒவ்வொரு மாணவரும் தம் பெற்றோருடன் தவறாமல் கலந்துகொள்ள வேண்டும்."

சொல்லை நகர்த்திய பிறகு புதிதாக அருகில் வந்த சொற்களுக்கிடையே ஒற்று வருமா என்று ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். 'பெற்றோருடன் தவறாமல்', 'தவறாமல் கலந்துகொள்ள' இரண்டிலும் முன்சொல் 'ன்', 'ல்' என்று மெய்யில் முடிகிறது, எதுவும் மிகவில்லை. முதல்வர் மனம் மாறி வேண்டுகோளாக்கச் சொன்னால் 'கலந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்று வரும். 'மாறு' நெடில்தொடர், அதற்குப் பின்னும் மிகாது. 'கேட்டு' வன்தொடர், அதற்குப் பின் 'க்' திரும்பி வந்துவிடும்.

முதல்வர் இன்னொரு கேள்வி கேட்கக்கூடும்.

"ஐயா, 'தவறாமல்' வேணுமா? அதான் 'வேண்டும்'னு சொல்லிட்டோமே."

"எடுத்துடலாம் மேடம். இலக்கணத்துக்கு ஒண்ணும் ஆகாது."

"இல்ல, இருக்கட்டும். போன கூட்டத்துக்குப் பாதிப் பேர்கூட வரல."

அது முதல்வரின் உரிமை, 'தவறாமல்' இருக்கட்டும்.

அச்சான தாள் கைக்கு வந்ததும் திரையில் பார்த்தது போதும் என்று விட்டுவிடக் கூடாது. பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை ஒருங்குறிக்கு மாற்றியிருந்தால் சில புள்ளிகளும் கொம்புகளும் இடம் மாறியிருக்கும். 'வெள்ளிக்கிழமை' மறுபடி 'வெள்ளிககிழமை' ஆகியிருக்கலாம். தேதியைக் கிழமையோடு ஒப்பிட வேண்டும், நேரத்தைப் பார்க்க வேண்டும், மெய்யெழுத்துகளின் மேல் புள்ளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூட்டம் எந்த அறையில் என்பதை இந்த வாக்கியம் சொல்லவில்லை. தமிழாசிரியர் அதைக் கவனித்துச் சொன்னால், கையெழுத்துக்கு மேலே 'இடம்: பள்ளிக் கலையரங்கம்' என்று தனி வரியாகச் சேர்த்துவிடலாம். வாக்கியத்தைத் தொட வேண்டியதில்லை.